ஹாம்பர்க் ஆர்டரில் பாதி கல் தாமதம்: வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்வது?

பர்கூர்_செல்வி

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் யூனிட்டில் எக்ஸ்போர்ட் வேலை பார்க்கிறேன். ஹாம்பர்க்கில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் வெளிச்சுவருக்கு 1,200 சதுர மீட்டர் பாரடைசோ கிரானைட், 30 மில்லிமீட்டர் கனம், தீச்சுடர் அடித்துச் சொரசொரப்பாக்கும் ஃப்ளேம் ஃபினிஷ், அளவுக்கு வெட்டி, சுவரில் மாட்டும் பின்னுக்கு விளிம்பில் ஓட்டை போட்டு அனுப்ப வேண்டும். மொத்தம் நான்கு இருபது அடி கண்டெய்னர். எஃப்ஓபி சென்னை. பணத்துக்கு வாங்குபவரின் பேங்க் உறுதி தரும் எல்சியில் கடைசி ஷிப்மென்ட் தேதி செப்டம்பர் 30.

முதல் 600 மீட்டர் தயார், கிரேட்டில் அடுக்கியாகிவிட்டது. மீதி 600 மீட்டருக்கு வெட்டிய ஸ்லாப்பில் ஃப்ளேம் அடித்த பிறகு ஹேர்லைன் விரிசல் தெரிகிறது. தண்ணீர் ஊற்றிக் காயவிட்டுப் பார்த்தோம். கல் முழுக்கக் காய்ந்த பிறகும் கோடு மட்டும் ஈரமாக நிற்கிறது. ஒன்றிரண்டு ஸ்லாப் என்றால் மாற்றிவிடலாம், இது அந்த வரிசை பிளாக் எல்லாவற்றிலும் ஓடுகிறது. புது பிளாக் எடுத்து அறுத்தாக வேண்டும்.

இன்று செப்டம்பர் 9. வாடிக்கையாளருக்கு இன்னும் சொல்லவில்லை. குவாரியில் இருந்து பிளாக் எப்போது வரும் என்று உறுதியாகத் தெரியட்டும், அப்புறம் ஒரே மெயிலாகப் போடலாம் என்கிறார் முதலாளி. எனக்கு மனசு ஒப்பவில்லை. மெயிலில் என்ன எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தீபக்_தர்மபுரி

நான் மென்பொருள் ஆள், ஆஸ்திரேலிய கிளையன்ட்டோடு வேலை. எங்களிடம் உள்ள பழக்கம் இதுதான்: தேதி தள்ளும் என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுவது, புதுத் தேதியில் தாராளமாக இடைவெளி வைப்பது. நான்கு வாரம் ஆகும் என்றால் எட்டு வாரம் சொல்லிவிடுங்கள். முன்னாடியே முடித்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். காரணத்தை ரொம்ப விவரிக்கத் தேவையில்லை, தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒரு வரி போதும்.

மாங்கூழ்_கந்தசாமி

இந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். நாங்கள் பெங்களூரா மாங்கூழ் அனுப்புகிறோம். போன சீசனில் துபாய்க்காரர் சரக்கை எடுத்துக்கொண்டு பணத்தை இழுத்தடித்தார். நான் தினமும் போன் போட்டேன், கடைசியில் பேங்க் மூலமாக ஒரு கடிதம் போன பிறகுதான் வந்தது. தாமதத்துக்கு வட்டி உண்டு என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பர்கூர்_செல்வி

கந்தசாமி அண்ணா, பணம் தாமதமாகவில்லை. சரக்குத்தான் எங்கள் பக்கத்தில் தாமதம்.

மாங்கூழ்_கந்தசாமி

சரிம்மா, மாற்றிப் படித்துவிட்டேன். அப்படியென்றால் எங்களுக்கும் ஒரு தடவை நடந்தது. அசெப்டிக் பை வந்து சேரவில்லை, டிரம் எல்லாம் காலியாக நின்றது. ஆனால் பழம் காத்திருக்காது, சீசன் ஜூலையோடு முடிந்துவிடும். அதனால் எங்களுக்குப் புதுத் தேதி கொடுக்கவே வழியில்லை, அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்க முடிந்தது. உனக்குக் கல் இருக்கிறது, தேதியாவது கொடுக்கலாம்.

யார்டு_நடராஜன்

செல்வி, கிருஷ்ணகிரி, பர்கூர் கல்லை ரொம்ப வருஷமாக ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஆள் நான், இப்போது ஓய்வு. விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இது எஃப்ஓபி. கப்பல் புக்கிங் வாங்குபவர் கையில். அவருடைய ஃபார்வர்டர் நான்கு கண்டெய்னருக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். நீங்கள் சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்கு அவர் பணம் கட்டும் ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது. துறைமுகத்தில் சரக்கு ஒப்படைக்கும் கடைசி நேரமான கட்-ஆஃபுக்கு முன்னால் தெரிந்தால் இரண்டு கண்டெய்னரை ரத்து செய்துகொள்வார். கட்-ஆஃப் தாண்டிச் சொன்னால் காலி இடத்துக்கும் கூலி கேட்கும் கப்பல் கம்பெனிகள் உண்டு. குவாரி உறுதி கொடுக்கும்வரை காத்திருந்தால் தேதி துல்லியமாக வரும், சரிதான். ஆனால் அதற்கான விலையை வாங்குபவர் கட்டுகிறார்.

அதனால் இதை இரண்டாகப் பிரியுங்கள். இன்று நிச்சயமாகத் தெரிந்ததை இன்றே சொல்லுங்கள்: பாதி சரக்கு செப்டம்பர் 30-க்குள் போகும், மறுபாதி போகாது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லி, எந்தத் தேதியில் தெரியும் என்று எழுதுங்கள்.

அடுத்தது எல்சி. பகுதி ஷிப்மென்ட் பற்றி எல்சியின் 43P கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதுவும் சொல்லாவிட்டால், எல்சிக்கான சர்வதேச விதித் தொகுப்பான யுசிபி 600-படி அனுமதி உண்டு. கூடாது என்று எழுதியிருந்தால் முதல் இரண்டு கண்டெய்னரைக்கூடத் திருத்தம் இல்லாமல் அனுப்பக் கூடாது. அனுப்பினால் பேப்பர் எல்சியோடு பொருந்தவில்லை என்று டிஸ்கிரிபன்ஸியில் விழும். 44C-யில் இருக்கும் கடைசி ஷிப்மென்ட் தேதியை எப்படியும் நீட்டியாக வேண்டும். 31D-யில் இருக்கும் எல்சி முடிவுத் தேதியையும் சேர்த்து நீட்டச் சொல்லுங்கள், நிறைய பேர் இதை மறந்துவிடுவார்கள். எல்சியில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், கப்பல் ஏறிய பிறகு பேப்பரைப் பேங்கில் கொடுக்க 21 நாள் உண்டு, ஆனால் எல்சி முடிவுத் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

இந்தத் திருத்தத்தை நாம் நம் பேங்கில் கேட்டு வாங்க முடியாது. வாங்குபவர் அவருடைய பேங்கில் கேட்க வேண்டும். அதற்கு அவருக்குச் சில நாள் பிடிக்கும். சீக்கிரம் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

வழக்கு_சிவகுமார்

ஒரு விஷயம். ஒப்பந்தத்தில் ஃபோர்ஸ் மேஜர் பிரிவு இருக்கும். இயற்கையில் கல்லுக்குள் இருந்த விரிசல் நம் கையில் இல்லாதது. ஃபோர்ஸ் மேஜர் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் தாமத அபராதம் வராது. யுசிபி 600-லும் ஃபோர்ஸ் மேஜர் விதி இருக்கிறதே. மன்னிப்பு கேட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும், அதைத் தவிருங்கள்.

யார்டு_நடராஜன்

சிவகுமார் சார், ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைப் படித்துப் பார்ப்பது நல்லதுதான். அதில் நோட்டீஸ் கொடுக்க ஏதாவது கெடு இருக்கலாம், அதைத் தவறவிடக் கூடாது. ஆனால் கல்லில் ஹேர்லைன் வருவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. அதைப் பார்த்து ஒதுக்குவதற்குத்தான் நம்மை வைத்து வாங்குகிறார்கள். இதை வெள்ளம், யுத்தம் மாதிரி எழுதினால் அந்தப் பக்கம் படிக்கும் கல் ஆளுக்கு உடனே புரிந்துவிடும், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் தேதியையும் நம்ப மாட்டார்.

யுசிபியில் உள்ள விதி 36 பேங்கின் வேலை தடைபட்டால் பேங்குக்குப் பொறுப்பில்லை என்று சொல்வது. விற்பவருக்கு அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை.

வழக்கு_சிவகுமார்

விதி 36 பற்றி நீங்கள் சொல்வது சரி, மாற்றிக்கொள்கிறேன். ஆனால் மன்னிப்பு விஷயத்தில் என் எச்சரிக்கை அப்படியே நிற்கிறது. 'உங்களுக்கு ஆகும் செலவு எல்லாம் எங்கள் பொறுப்பு' என்கிற மாதிரி வரி மட்டும் மெயிலில் வரக் கூடாது.

பாலிஷ்_மணி

நான் லைனில் நிற்கிற ஆள். இவ்வளவு யோசிக்கிறீர்களே, ஹேர்லைனுக்கு எபாக்ஸி இறக்கி, பின்னால் நெட் ஒட்டி அனுப்பிவிடலாமே? நாங்கள் கிச்சன் மேடைக்கு தினமும் செய்கிறோம். பாலிஷ் ஏறினால் கண்ணுக்கே தெரியாது.

யார்டு_நடராஜன்

மணி, மேடைக் கல்லுக்கு நீ செய்வது சரி. அடியில் முழுக்கத் தாங்கல் இருக்கிறது. இது சுவரில் தொங்கும் கல். 30 மில்லிமீட்டர் கல் ஒரு சதுர மீட்டர் 81 கிலோ. அந்த எடை முழுக்க விளிம்பில் போட்ட பின் ஓட்டையில் நிற்கும். ஹேர்லைன் அந்த ஓட்டை வழியாக ஓடினால் பனியில் நீர் உறைந்து உறைந்து ஒரு நாள் பேர்த்துக்கொள்ளும். கீழே நடைபாதை. அப்புறம் இது ஃப்ளேம் ஃபினிஷ், பாலிஷ் இல்லை. எபாக்ஸி பளபளவென்று தனியாகத் தெரியும்.

செல்வி, இந்த வாதத்தை மெயிலிலும் இரண்டு வரியில் சொல்லலாம். 'நிரப்பி அனுப்பியிருக்கலாம், வெளிச்சுவர் என்பதால் அனுப்பவில்லை' என்பது அவர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்.

பாலிஷ்_மணி

சுவரில் மாட்டுவது என்று கவனிக்கவில்லை அண்ணா. அதற்குக் கூடாதுதான்.

பர்கூர்_செல்வி

எல்லோருக்கும் நன்றி. 43P-யைப் பார்த்தேன், பகுதி ஷிப்மென்ட் அனுமதி இருக்கிறது. அந்த வரையில் நிம்மதி.

முதலாளியிடம் மறுபடி பேசினேன். அவர் இப்போது வேறு யோசனை சொல்கிறார். முதல் இரண்டு கண்டெய்னர் போகட்டும், மற்ற இரண்டும் துறைமுகத்தில் ரோல்-ஓவர் ஆகிவிட்டது, அடுத்த கப்பலில் வரும் என்று சொல்லிவிடலாம் என்கிறார். கப்பல் தாமதம் எல்லோருக்கும் பழகிப்போனது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். அவரை எப்படி ஒப்பவைப்பது?

ரேவதி_டார்ட்மண்ட்

சொந்த ஊர் காவேரிப்பட்டணம். இங்கே ஜெர்மனியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பொருள் வாங்கும் பிரிவில் இருக்கிறேன். உங்கள் மெயில் வந்து விழும் மேஜை மாதிரியான ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

ரோல்-ஓவர் பொய் ஒரு நாள்கூட நிற்காது. எஃப்ஓபி என்றால் ஃபார்வர்டர் அவர்களுடைய ஆள். கண்டெய்னர் துறைமுகத்துக்குள் நுழைந்ததா என்பது அவருக்குத் திரையிலேயே தெரியும். யார்டை விட்டே கிளம்பாத கண்டெய்னர் எப்படி ரோல் ஆகும்?

தாமதச் செய்தி வந்ததும் நாங்கள் முதலில் தேடுவது காரணத்தை இல்லை. எந்தக் கல் வருகிறது, எந்தக் கல் வரவில்லை, அவ்வளவுதான். சாரம் கட்டியிருக்கும். கல் மாட்டும் ஆட்கள் வேறொரு நிறுவனம், அவர்களை வாரக்கணக்கில் முன்பதிவு செய்திருப்போம். வடக்குச் சுவருக்கான கல் முழுசாக வருகிறது என்றால் அங்கே வேலையைத் தொடங்கிவிட்டு மற்ற பக்கத்துச் சாரத்தைப் பிரித்துவிடலாம், வாடகை மிச்சம். ஒவ்வொரு சுவரிலும் பாதிப் பாதி வருகிறது என்றால் எல்லா வேலையும் நின்றுவிடும். இரண்டிலும் வருவது அதே 600 மீட்டர்தான், ஆனால் எங்களுக்கு வித்தியாசம் மலையளவு.

உங்கள் பேக்கிங் லிஸ்ட் சுவர் வாரியாக இருக்கிறதா?

பர்கூர்_செல்வி

ரேவதி அக்கா, இது நான் யோசிக்காத கோணம். வரைபடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் எண் இருக்கிறது, ஆனால் வெட்டும்போது ஸ்லாப் வீணாகாமல் அளவு பார்த்து வெட்டுவதால் நான்கு சுவரும் கலந்து கிடக்கிறது. இன்று உட்கார்ந்து எண்களைப் பிரித்துப் பார்க்கிறேன்.

ரேவதி_டார்ட்மண்ட்

பாருங்கள். மெயிலை விட அதற்கு முக்கியத்துவம் கொடுங்கள். அப்புறம், மெயிலுக்கு முன்னால் போன். இப்போது இங்கே கோடை நேரம், உங்களை விட மூன்றரை மணி நேரம் பின்னால். உங்கள் பிற்பகல் 12.30 இங்கே காலை 9. அந்த நேரத்தில் பேசினால் அவர்களுக்கு அன்று முழு நாளும் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அப்படி வரும் மெயிலை இங்கே எல்லோரும் வேண்டுமென்றே செய்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஓசூர்_குவாலிட்டி

தீபக், நான்கை எட்டாகச் சொல்வது இங்கே உதவாது என்று நினைக்கிறேன். ரேவதி அவர்கள் சொன்ன மாதிரி அவர்கள் எட்டு வாரத்துக்குச் சாரத்தையும் ஆட்களையும் மாற்றிவிடுவார்கள். நான்கு வாரத்தில் கல் போனால் அதை இறக்கி வைக்க இடம் தேட வேண்டும். 600 மீட்டர் என்றால் ஏறக்குறைய 49 டன். ஒவ்வொரு வேலைக்கும் நாள் எழுதி, எங்கே எவ்வளவு இடைவெளி வைத்திருக்கிறோம் என்று வெளிப்படையாகக் காட்டுவது மேல்.

'தொழில்நுட்பச் சிக்கல்' என்ற ஒரு வரியும் போதாது. நான் ஓசூரில் வாகன பாகத் தொழிற்சாலையில் தரப் பிரிவு. எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர் எப்போதும் இரண்டு கேள்வி கேட்பார். குறை ஏன் வந்தது என்பது ஒன்று. ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்டுபிடித்தீர்கள் என்பது இரண்டாவது. செல்வியின் விஷயத்தில் முதல் கேள்விக்கு இயற்கை என்று பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு என்ன பதில்? பிளாக் அறுத்த அன்றே தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா?

பர்கூர்_செல்வி

ஓரளவு தெரிந்திருக்கும். அறுத்த முகத்தில், பிளாக்கை அறுக்கும் கேங் சா மெஷினின் சேறு படிந்திருக்கும், கழுவிக் காயவிட்டுப் பார்த்தால் பெரிய கோடுகள் தெரியும். மெல்லிய கோடுகளை ஃப்ளேம் சூடுதான் திறந்து காட்டுகிறது. எங்கள் யூனிட்டில் ஃப்ளேம் முடிந்த பிறகுதான் பரிசோதனை வைத்திருக்கிறார்கள். எல்லா ஸ்லாப்பையும் ஒரே மூச்சில் ஃப்ளேம் அடித்ததால் மொத்தமும் ஒன்றாகத் தெரிய வந்தது.

ஓசூர்_குவாலிட்டி

அப்படியே எழுதுங்கள். 'இனிமேல் ஒவ்வொரு பிளாக்கிலும் முதல் இரண்டு ஸ்லாப்பை மட்டும் ஃப்ளேம் அடித்து, நனைத்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் அந்த பிளாக்கின் மீதியைத் தொடுவோம்.' இப்படி ஒரு வரி இருந்தால் புதுத் தேதி மறுபடி தள்ளாது என்று நம்ப அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

யார்டு_நடராஜன்

ஓசூர் தம்பி சொன்னது நல்ல யோசனை. இப்போது தேதிக் கணக்குக்கு வருவோம். வெட்டுச் சேதம் போக 600 மீட்டர் முடிய ஐந்தாறு பிளாக் வேண்டும். குவாரியில் அதே பெஞ்சில் எடுத்தால்தான் நிறம் சேரும். வயர் போட்டுப் பிரித்து, சதுரமாக்கி, கனிமத் துறை பர்மிட் வாங்கி, டிரெய்லரில் யார்டுக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம். கேங் சா ஒரு மணிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கும். ஒன்றரை மீட்டர் உயர பிளாக் ஒன்று இரண்டரை, மூன்று நாள் ஓடும். உங்களிடம் இரண்டு மெஷின் என்றால் ஆறு பிளாக்குக்குப் பத்து நாள் போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளேம், வெட்டு, ஓட்டை, தரையில் அடுக்கிப் பார்ப்பது எல்லாம் சேர்த்து இன்னொரு இரண்டு வாரம். அறுவை முடியும்வரை காத்திருக்காமல் இதை இடையிலேயே தொடங்கலாம்.

இதோடு ஆயுத பூஜையையும் தீபாவளியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். யார்டில் பாதிப் பேர் பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் சாத் பூஜை முடிந்துதான் திரும்புவார்கள். ஐரோப்பாக்காரருக்குக் கொடுக்கும் அட்டவணையில் நம் ஆட்கள் அடிக்கடி விட்டுவிடுவது இதைத்தான். மழையும் குவாரியில் ஒரு கை பார்க்கும்.

நான் எழுதினால் அக்டோபர் 31 இலக்கு, நவம்பர் 10 வெளி எல்லை என்று இரண்டையும் எழுதுவேன். எல்சியை நவம்பர் 10-க்கு நீட்டச் சொல்வேன்.

இன்னொன்று, நிறம். பாரடைசோவில் அலை ஓட்டம் பிளாக்குக்கு பிளாக் மாறும். பழைய கல்லும் புதுக் கல்லும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். புது லாட் முழுவதும் தனிச் சுவருக்குப் போனால் கட்டடத்தின் மூலையில் நிறம் உடையும், யாருக்கும் உறுத்தாது. ரேவதி சொன்ன சுவர் பிரிப்பு இதற்கும் வேண்டும்.

பர்கூர்_செல்வி

பிரித்துப் பார்த்தேன். தயாராக உள்ள 600-ல் வடக்குச் சுவர் முழுசாக இருக்கிறது, கிழக்கில் 38 கல் குறைகிறது. அந்த 38-ஐ, தயாராகக் கிடக்கும் தெற்குச் சுவர்க் கல்லில் பெரிய அளவுகளை மறுபடி வெட்டி எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். ஓட்டை இல்லாத பக்கமாக வெட்ட முடிகிறதா என்று பார்க்கிறார்கள். முடிந்தால் வடக்கும் கிழக்கும் முழுசாகச் செப்டம்பரில் போகும், தெற்கும் மேற்கும் புது லாட்டில்.

இதையும் ஃபார்வர்டர் கதையையும் சொன்னதும் முதலாளி இறங்கி வந்துவிட்டார். நாளை 12.30-க்கு அவரே பேசுகிறேன் என்கிறார். பேச்சு முடிந்ததும் போக வேண்டிய மெயில் இது. ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே எல்லோரும் பார்க்கத் தமிழில் போடுகிறேன்.

> பொருள்: தெற்கு, மேற்குச் சுவர்க் கல் செப்டம்பர் 30-க்குள் வராது, வடக்கு, கிழக்கு வரும்
>
> இன்று தொலைபேசியில் பேசியதை எழுத்தில் உறுதி செய்கிறோம்.
>
> 1,200 சதுர மீட்டரில் 600, அதாவது வடக்கு, கிழக்குச் சுவர்கள், ஏற்கனவே புக் செய்த கப்பலில் இரண்டு கண்டெய்னரில் வரும். மீதி 600 இந்தக் கப்பலில் வராது. புது இலக்கு அக்டோபர் 31. நவம்பர் 10-ஐத் தாண்டாது என்ற கணக்கில் திட்டமிட்டிருக்கிறோம்.
>
> தெற்கு, மேற்குக்கான ஸ்லாப்பில் ஃப்ளேம் அடித்த பிறகு மெல்லிய விரிசல்கள் தெரிந்தன. படங்கள் இணைப்பில். நிரப்பிச் சரிசெய்வது தொங்கும் கல்லுக்குப் பாதுகாப்பில்லை என்பதால் அந்த லாட்டை ஒதுக்கிவிட்டோம். எங்கள் பரிசோதனை ஃப்ளேமுக்குப் பிறகு மட்டும் இருந்ததால் இது தாமதமாகத் தெரிந்தது. புது பிளாக்குகளில் ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு ஸ்லாப்பை ஃப்ளேம் அடித்து நனைத்துப் பார்த்த பிறகே மீதியைத் தொடுவோம்.
>
> உங்களிடம் கேட்பது மூன்று. நான்கில் இரண்டு கண்டெய்னர் புக்கிங்கை ரத்து செய்ய வேண்டும். எல்சியில் கடைசி ஷிப்மென்ட் தேதியை நவம்பர் 10-க்கும், முடிவுத் தேதியை டிசம்பர் 1-க்கும் நீட்ட வேண்டும். புது பிளாக்கின் மாதிரித் துண்டுகள் கூரியரில் வரும்போது நிறத்தை மூன்று வேலை நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்.
>
> பிளாக்குகள் யார்டுக்கு வந்து சேரும் தேதி மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. செப்டம்பர் 16 அன்று, உறுதியானாலும் ஆகாவிட்டாலும், எழுதுகிறோம்.
>
> நான்கு சுவருக்கும் சேர்த்துத் தேதி கொடுத்தோம், இரண்டுக்குத்தான் காப்பாற்ற முடிகிறது. அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

ரேவதி_டார்ட்மண்ட்

நன்றாக வந்திருக்கிறது. பொருள் வரியிலேயே செய்தி இருப்பது ரொம்ப உதவும், அதைத் தளப் பொறியாளருக்கு அப்படியே தட்டிவிடலாம். மன்னிப்பும் ஒரே தடவை, எதற்கு என்று தெளிவாக. இங்கே வரும் மெயில்களில் முதல் பத்தி முழுக்க வருத்தம் தெரிவித்துவிட்டு, தேதியைக் கடைசியில் தேடவைப்பார்கள்.

ஒரு திருத்தம். கிழக்கின் 38 கல் முடியுமா என்று மேஸ்திரி சொல்லாமல் 'கிழக்கு வரும்' என்று எழுதாதீர்கள். இன்னொரு தடவை மாற்றிச் சொல்ல நேர்ந்தால் அது முதல் செய்தியை விட மோசம்.

யார்டு_நடராஜன்

நானும் அதையேதான் சொல்ல வந்தேன். 38 முடிவாகும்வரை வடக்கு உறுதி, கிழக்கு நாளை தெரியும் என்று போடுங்கள். டிசம்பர் 1 கணக்கு சரி, நவம்பர் 10-க்கு மேல் 21 நாள்.

வழக்கு_சிவகுமார்

மன்னிப்பு வரி பரவாயில்லை. தேதி காப்பாற்றவில்லை என்பது எப்படியும் நடந்த உண்மை, செலவை ஏற்பதாக எதுவும் இல்லை. 'தாண்டாது என்ற கணக்கில் திட்டமிட்டிருக்கிறோம்' என்ற சொல்லும் சரியான அளவு.

தீபக்_தர்மபுரி

தள்ளுபடி ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டாமா? இரண்டு, மூன்று சதவீதம் நாமே கொடுத்துவிட்டால் கோபம் தணியும். எங்கள் பக்கத்தில் அடுத்த மாத பில்லில் கழித்துக் கொடுப்போம்.

யார்டு_நடராஜன்

முதல் மெயிலில் வேண்டாம் தம்பி. அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவருக்கே இன்னும் தெரியாது. நீ மூன்று சதவீதம் சொன்னால் அது ஆரம்ப விலையாகிவிடும். கேட்கட்டும், அப்புறம் பேசலாம். சாரம் வாடகை மாதிரி பில் இருக்கிற செலவு என்றால் பேசவும் வசதி.

ரேவதி_டார்ட்மண்ட்

இதில் எனக்கு வேறு கருத்து, அண்ணா. பணம் வேண்டாம், சரிதான். ஆனால் 'இரண்டாவது ஷிப்மென்ட்டுக்கான கூடுதல் டாக்குமென்ட் செலவும் எல்சி திருத்தக் கட்டணமும் எங்களுடையது' என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்த சப்ளையரை வேறு மாதிரி பார்ப்பேன். சின்னத் தொகைதான். அதை நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தால் கசப்பு வரும்.

யார்டு_நடராஜன்

திருத்தக் கட்டணம் சரி, அது நியாயம். அதற்கு மேல் ஒரு வரி போனாலும் முதலாளி ஒப்ப மாட்டார், நானும் ஒப்ப மாட்டேன்.

பர்கூர்_செல்வி

பேசியாகிவிட்டது. முதலாளி பேசினார், நானும் கூட இருந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தச் சுவர்?" ரேவதி அக்கா சொன்னது அப்படியே.

வடக்கு உறுதி என்றோம். கிழக்கில் 38-ல் 31 கல் முடிகிறது, ஏழுக்கு ஓட்டை இடிக்கிறது. அந்த ஏழையும் அப்படியே சொன்னோம். அவை மேல் வரிசையில் இருப்பதால் கடைசியில் மாட்டிக்கொள்ளலாம், புது லாட்டோடு வரட்டும் என்றார். ஆனால் அந்த ஏழும் பழைய நிறத்தோடு சேர வேண்டுமே என்று கவலையாக இருக்கிறது. பழைய லாட்டில் ஒதுக்கிய ஸ்லாப்பில் விரிசல் ஓடாத மூலையிலிருந்து ஏழு கல் எடுக்க முடியுமா என்று நாளை ஒவ்வொன்றாக நனைத்துப் பார்க்கப் போகிறோம்.

புக்கிங் ரத்துக்கு ஃபார்வர்டரிடம் அன்றே சொல்லிவிட்டார்கள். எல்சி திருத்தம் கேட்கிறோம் என்றார்கள், கட்டணம் நாங்கள் ஏற்பதாக மெயிலில் சேர்த்தோம். தாமத அபராதம் பற்றித் தனியாக எழுதுவோம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. அது எவ்வளவு என்று தெரியவில்லை.

யார்டு_நடராஜன்

ஒதுக்கிய ஸ்லாப்பில் மூலைக் கல் எடுப்பதாக இருந்தால் நனைத்துப் பார்ப்பதோடு விடாதே. சுத்தியால் தட்டிப் பார். மணி மாதிரி கேட்டால் எடு, மந்தமாகக் கேட்டால் உள்ளே கோடு இருக்கிறது, விட்டுவிடு. ஓட்டை போட்ட பிறகு இன்னொரு தடவை தட்டு.

ஓசூர்_குவாலிட்டி

அந்த ஏழு கல் ஒதுக்கிய லாட்டிலிருந்து வந்தவை என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும், செல்வி. சொல்லாமல் போனால், அந்த லாட்டைப் பயன்படுத்தவில்லை என்று மெயிலில் எழுதியதோடு முரண்படும்.

பர்கூர்_செல்வி

ஆமாம், அதை நான் கவனிக்கவில்லை. கல் கிடைத்தால், தட்டிப் பார்த்த வீடியோவோடு 16-ஆம் தேதி மெயிலில் கேட்கிறேன். அவர் வேண்டாம் என்றால் ஏழும் புது லாட்டில்தான்.

அபராதக் கடிதம் வந்ததும் இங்கே மறுபடி வருகிறேன். சிவகுமார் சார், ஒப்பந்தத்தில் வாரத்துக்கு இவ்வளவு சதவீதம் என்று இருக்கிறது, ஆனால் அது மொத்த ஆர்டர் மதிப்புக்கா, தாமதமான பாதிக்கு மட்டுமா என்று தெளிவாக இல்லை. அந்தப் பிரிவை உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்பட்டுமா?

வழக்கு_சிவகுமார்

அனுப்புங்கள். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற பிரிவையும் சேர்த்து அனுப்புங்கள், அதைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.